"எண்ணெய் இல்லை"ன்னு முன்னாடி, "சூரியகாந்தி எண்ணெய்"னு பின்னாடி: ஒரு ஸ்நாக் பவுச்சோட வாசகத்த திருப்பி எழுதின கதை

வறுத்த கொண்டைக்கடலை பவுச் ஒன்னு. 120 கிராம், எலுமிச்சை மிளகு ஃபிளேவர், கீழ மடிப்பு விரிஞ்சு நிக்கற டைப், மேல ஜிப். நடத்துறவங்க ஒரு அக்கா, சின்ன யூனிட்தான், முதல் பிரிண்ட் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு என்னை கூப்பிட்டாங்க. "சரக்கு நல்லா இருக்குன்னு சொல்றாங்க தம்பி, ஆனா பாக்கெட்ட பாத்துட்டு திட்டறாங்க"ன்னாங்க. போன்ல ரெண்டு மெசேஜ் காட்டினாங்க. ஒன்னுல போட்டோ, பவுச்சோட முன்பக்கத்துல "எண்ணெய் இல்லை"ங்கற இடத்துல சிவப்பு வட்டம், பின்பக்கத்துல சேர்மானப் பட்டியல்ல "சூரியகாந்தி எண்ணெய்"ங்கற இடத்துலயும் அதே மாதிரி வட்டம், கீழ ஒரே ஒரு கேள்விக்குறி. இன்னொன்னு, "ரெண்டு நாள்ல நமுத்துப் போச்சு, பழைய ஸ்டாக்கா?"

ரெண்டும் ரெண்டு வேற வேற பிரச்சினைன்னு அக்கா நினைச்சாங்க, முதல்ல நானும் அப்படித்தான் நினைச்சேன். பவுச்ச கைல வச்சு நாலு நாள் பாத்தப்பறம்தான் புரிஞ்சுது, முன்பக்கத்துல குடுத்த வாக்கு ஒன்னு, பின்பக்கத்துல சொன்ன கதை அதுக்கு சம்பந்தமே இல்லாத இன்னொன்னு, உபயோகக் குறிப்பு ரெண்டையும் கண்டுக்கல. அதனால வர்ற சண்டைதான் ரெண்டுமே.

பழைய வாசகம் இப்படி இருந்துச்சு. முன்பக்கம் பிராண்ட் பேருக்கு கீழ, "இயற்கையின் சுவை, ஆரோக்கியத்தின் மொறுமொறுப்பு". அதுக்கு பக்கத்துல மூணு வட்ட ஸ்டிக்கர் மாதிரி டிசைன்: "எண்ணெய் இல்லை", "100% இயற்கை", "புரதம் நிறைந்தது". எலுமிச்சை படம், மிளகு படம். கொண்டைக்கடலைங்கற வார்த்தை எங்கன்னு தேடினா கீழ மடிப்புக்கு பக்கத்துல சின்னதா "கடலை ஸ்நாக்"னு இருக்கு. பின்பக்கம் பதினஞ்சு வரி கதை, ஒரு கனவோட ஆரம்பிச்சோம், தரத்துல சமரசம் இல்ல, உங்க குடும்பத்துக்காக அன்போட செய்யறோம், இப்படியே போகும். கடைசில "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும். எப்போது வேண்டுமானாலும் சுவைக்கலாம்."

இந்த கதைய எடுத்துட்டுப் போய் ஒரு சோப்பு பாக்கெட்டுக்கு பின்னாடி ஒட்டினாலும் ஒரு வார்த்தை மாத்த வேண்டியதில்ல. எழுதினவர குறை சொல்லல, அவர்கிட்ட யாரும் இந்த கடலை எப்படி செய்யறாங்கன்னு சொல்லவே இல்ல. அதனால நான் முதல்ல எழுத உக்காரல, வறுக்கற இடத்துக்கு போனேன்.

வறுக்கற இடத்துல கிடைச்சது

அங்க மாஸ்டர் அண்ணன் ஒருத்தர், பேசறது கம்மி, ஆனா கேட்டா சொல்லுவார். கடலைய ராத்திரி ஊற வச்சு, வேக வச்சு, தண்ணி வடிச்சு, ஒரு தடவ வறுக்கறாங்க. அத உடனே பேக் பண்ணாம தட்டுல பரப்பி, துணி போட்டு மூடி ஒரு ராத்திரி வைக்கறாங்க. மறுநாள் திரும்ப வறுக்கறாங்க. "எதுக்கு அண்ணே ரெண்டு தடவ, ஒரே தடவ நல்லா வறுத்தா போதாதா?"ன்னு கேட்டேன். அவர் முதல் நாள் வறுத்ததுல ஒன்ன எடுத்து பல்லுல கடிச்சு ரெண்டா உடைச்சு கைல குடுத்தார். வெளி ஓடு காஞ்சு மொறுமொறுன்னு இருக்கு, நடுவுல மட்டும் கொஞ்சம் கருத்த நிறம், அழுத்தினா மெத்துன்னு இருக்கு. "இத இப்படியே பையில போட்டா நடுவுல இருக்கற ஈரம் வெளிய பரவிடும், பிரிக்கறதுக்கு முன்னாடியே ஓடு நமுத்துடும். ராத்திரி முழுக்க விட்டா அந்த ஈரம் கடலை பூரா சமமா பரவிடும், மறுநாள் வறுக்கறப்ப வெளிய போயிடும்"னார்.

என் நோட்ல அன்னிக்கு எழுதினதுல அடிக்கோடு போட்ட ஒரே வரி அதுதான். பின்பக்க கதை அங்கேயே கிடைச்சிடுச்சு, முன்பக்க வரியும் அதுக்குள்ளயே இருக்கு.

எண்ணெய் விஷயமும் அங்கதான் தெளிவாச்சு. ரெண்டாவது வறுவல் முடிஞ்சதும் கடலைய சுத்தற டிரம்ல போட்டு, கொஞ்சமா எண்ணெய் ஸ்ப்ரே பண்ணி, அதுக்கு மேல மசாலா தூவறாங்க. காஞ்ச கடலை மேல காஞ்ச பொடி ஒட்டாது, எல்லாம் பைக்கு அடியில உதிர்ந்துடும், அதுக்குத்தான் அந்த எண்ணெய். அக்கா மனசுல "எண்ணெய் இல்லை"ன்னா எண்ணெய்ல பொரிக்கலன்னு அர்த்தம், அவங்க பொய் சொல்லணும்னு நினைக்கவே இல்ல. ஆனா பாக்கெட்ட படிக்கறவங்களுக்கு அக்கா மனசு தெரியாது, எண்ணெய் இல்லைன்னா ஒரு சொட்டு கூட இல்லைன்னுதான் அர்த்தம். சேர்மானப் பட்டியல்ல எண்ணெய்ய போடாம விடவும் முடியாது. முன்பக்கம் எத சொன்னாலும் பின்பக்க பட்டியல் அதுக்கு சாட்சி சொல்லணும், எதிர்சாட்சியா நிக்கக்கூடாது.

அதே கண்ணோட மத்த ரெண்டு ஸ்டிக்கரையும் பாத்தோம். "100% இயற்கை". பட்டியல்ல எலுமிச்சைப் பொடியோட சிட்ரிக் ஆசிடும் இருக்கு, பாக்கெட்ல 330ங்கற நம்பரோட. அது தப்பான பொருள் இல்ல, எலுமிச்சைலயே இருக்கறதுதான், ஆனா கடைக்கு வர்ற சிட்ரிக் ஆசிட் பெரும்பாலும் எலுமிச்சைல இருந்து எடுக்கறது இல்ல, சர்க்கரைக் கரைசல்ல ஒரு பூஞ்சையை வளத்து நொதிக்க வச்சு எடுக்கறது. ஒருத்தர் அந்த நம்பர தேடிப் பாத்து "இது எப்படி நூறு சதவீதம்?"னு கேட்டா நம்மகிட்ட பதில் இல்ல. எடுத்துட்டோம்.

"புரதம் நிறைந்தது" கொஞ்சம் வேற கேஸ். கொண்டைக்கடலைல புரதம் நிஜமாவே நிறைய இருக்கு, காஞ்ச கடலைல நூறு கிராமுக்கு சுமாரா 20 கிராம். ஆனா "நிறைந்தது"ங்கறது உணவு லேபிள் விதிகள்ல ஒரு அளவோட கட்டின வார்த்தை, இவ்வளவு இருந்தாத்தான் இப்படி சொல்லலாம்னு பல நாடுகள்ல ஒரு கோடு இருக்கு, அந்த கோடு எல்லா இடத்துலயும் ஒன்னு இல்ல. அக்கா வேற நாட்டுக்கும் அனுப்பப் போறேன்னு சொன்னாங்க. அதனால பெயரடைய விட்டுட்டு லேப் ரிப்போர்ட்ல வந்த எண்ண மட்டும் வச்சோம்: 30 கிராமுக்கு 6 கிராம் புரதம். அதையும் முன்பக்கம் வைக்கல, பின்பக்கம் ஊட்டச்சத்து அட்டவணைக்கு மேல ஒரு வரியா. எண்ண படிக்கறவங்க தானா "பரவால்லையே"ன்னு நினைச்சுக்குவாங்க.

முன்பக்க வரி

இப்ப முன்பக்கத்துல ஒரே ஒரு சேதிதான் மிச்சம். பொரிக்கல, ரெண்டு தடவ வறுத்தது. இத எப்படி சொல்றதுங்கறதுலதான் ஒரு வாரம் போச்சு.

முதல்ல நான் எழுதினது "ரெண்டு வறுவல் கடலை". எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு, சின்னது, தாளம் இருக்கு. அக்கா அம்மாகிட்ட காட்டினோம், "எண்ணெய்ல போட்டு எடுத்ததா?"ன்னு கேட்டாங்க. அங்கேயே விழுந்துடுச்சு. தமிழ்ல "வறுவல்"னு பேரா சொன்னா வாய்க்கு வர்றது எண்ணெய்ல மொறுமொறுன்னு எடுத்த ஐட்டம், "வறுத்தது"ன்னு சொன்னாத்தான் வெறும் சட்டில புரட்டினது. வினையா இருக்கற வரைக்கும் நமக்கு வேண்டிய அர்த்தம், பெயரா மாறினதும் நேர் எதிர் அர்த்தம். எழுதறவனுக்கு இது தெரியாம இல்ல, ஆனா தாளத்துல மயங்கிட்டா கண்ணுல படாது. வாசகத்த எழுதினவன் மட்டும் படிச்சு ஓகே பண்ணக்கூடாதுங்கறதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்கு கிடைச்சதில்ல.

அடுத்த சிக்கல் "கடலை". வெறும் கடலைன்னா சிலருக்கு கொண்டைக்கடலை, சிலருக்கு வேர்க்கடலை. மத்த பொருளா இருந்தா இது சும்மா குழப்பம், இங்க அப்படி இல்ல, வேர்க்கடலை சில பேருக்கு உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. ஒருத்தர் பயந்துட்டு வாங்காம போறது ஒரு நஷ்டம், இன்னொருத்தர் தப்பா புரிஞ்சுட்டு வாங்கறது அதவிட மோசம். அதனால கொண்டைக்கடலைன்னு முழுசா, முன்பக்கத்துல, பெரிய எழுத்துல வரணும்னு முடிவு பண்ணினோம். அதே யூனிட்ல வேர்க்கடலையும் ஓடுதுங்கறதால பின்பக்கத்துல அந்த எச்சரிக்கை தனி வரியா, சேர்மானத்துக்கு நேர் கீழ, தடிச்ச எழுத்துல வந்துச்சு.

கடைசியா நின்னது இது:

கொண்டைக்கடலை
பொரிக்காதது. இரண்டு முறை வறுத்தது.
எலுமிச்சை மிளகு

"ரெண்டு தடவ"ன்னு பேச்சு வழக்குல போடலாமான்னு யோசிச்சோம், டிசைன் பண்ற தம்பிக்கு அதுதான் ஆசை. பேச்சுத் தமிழ் பாக்கெட்ல வந்தா கிட்ட வந்த மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனா "ரெண்டு தடவ", "ரெண்டு வாட்டி", "ரெண்டு முறை", ஒவ்வொருத்தர் வீட்டுல ஒவ்வொன்னு, நாம ஒன்ன எடுத்தா மத்தவங்களுக்கு அது வேற வீட்டு பேச்சு. இந்த பவுச்சுக்கு பொது எழுத்துத் தமிழே சரின்னு பட்டுச்சு, வேற ஒரு பிராண்டுக்கு நான் வேற மாதிரி சொல்லியிருக்கலாம்.

எங்க வைக்கறதுங்கறது வார்த்தை அளவுக்கு முக்கியம். கம்ப்யூட்டர்ல பாக்கறப்ப பவுச் ஒரு தட்டையான செவ்வகம், 140 மில்லிமீட்டர் அகலம், 210 உயரம். நிஜத்துல மேல சீல், தொங்கவிடற ஓட்டை, கிழிக்கற வெட்டு, ஜிப்புன்னு முதல் 40 மில்லிமீட்டர் போயிடும். கடலைய நிரப்பினதும் நடு வயிறு உப்பும், ரெண்டு பக்கமும் வளைஞ்சு பின்னாடி போகும், அடி மடிப்பு விரிஞ்சு தரைய பாக்கும். நேரா நின்னு பாக்கறவன் கண்ணுக்கு படறது நடுவுல சுமாரா 110க்கு 110 ஒரு சதுரம் மட்டும்தான். பழைய டிசைன்ல "கடலை ஸ்நாக்"ங்கற வார்த்தை அந்த சதுரத்துக்கு வெளிய, தரைய பாத்துட்டு இருந்துச்சு. அதான் யாருக்கும் உள்ள என்னன்னு தெரியல.

அதனால ஸ்க்ரீன்ல அப்ரூவ் பண்றத விட்டுட்டோம். சாதா பேப்பர்ல நிஜ அளவுல பிரிண்ட் எடுத்து, நிரப்பின பவுச் மேல ஒட்டி, தட்டுல வச்சு, ரெண்டு எட்டு தள்ளி நின்னு ஒருத்தர மூணு செகண்ட் பாக்கச் சொல்லி, பவுச்ச துணி போட்டு மூடிட்டு ரெண்டு கேள்வி: உள்ள என்ன? எப்படி செஞ்சது? பழைய டிசைனுக்கு "லெமன் ஏதோ", "டயட் ஐட்டமா?", "சிப்ஸ்" இப்படித்தான் பதில். புது வரிக்கு கிட்டத்தட்ட எல்லாரும் கொண்டைக்கடலைன்னு சொல்லிட்டாங்க, எப்படி செஞ்சதுன்னு கேட்டதுக்கு "வறுத்தது", "பொரிக்காதது"ன்னு வந்துச்சு, "இரண்டு முறை"ங்கறத பாதி பேர்தான் சொன்னாங்க. அது பரவால்ல, அந்த கேள்வியோட அவங்க பின்பக்கத்த திருப்பினா போதும்.

ஒரு சின்ன விஷயம், ஆனா நான் ரெண்டு தடவ மாட்டியிருக்கேன். கொண்டைக்கடலை நீளமான வார்த்தை, பெருசா வச்சா ஒரே வரில நிக்காது. தம்பியோட சாஃப்ட்வேர் அத "கொண்டை" ஒரு வரி, "க்கடலை" அடுத்த வரின்னு உடைச்சிடுச்சு. புள்ளி வச்ச எழுத்துல ஒரு வரி ஆரம்பிக்கக்கூடாது, அந்த க் மேல் வரியோட கடைசிலதான் நிக்கணும். கையாலதான் சரி பண்ணினோம், எழுத்து அளவ கொஞ்சம் குறைச்சு ஒரே வரியாவே வச்சாச்சு. அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எழுத்தெல்லாம் வெறும் வடிவமா மாத்திடுவாங்க, அதுக்கப்பறம் எதையும் தேடவும் முடியாது, டைப் பண்ணி திருத்தவும் முடியாது. அதனால வடிவமா மாத்தின ஃபைல திரும்ப முதல்ல இருந்து ஒரு எழுத்து விடாம படிக்கணும். கொ, கோல கொம்பும் காலும் இடம் மாறறது அந்த கட்டத்துலதான் நடக்கும்.

பின்பக்க கதை

இதுக்கு நான் வச்சுக்கிட்ட கணக்கு ஒன்னுதான், முன்பக்கம் கிளப்பின கேள்விக்கு பின்பக்கம் பதில் சொல்லணும். ஏன் ரெண்டு முறை? பொரிக்கலன்னா பட்டியல்ல எண்ணெய் எதுக்கு? இந்த ரெண்டையும் தாண்டி ஒரு வாக்கியம் கூட வேண்டாம்னு முடிவு பண்ணினேன். அக்காவுக்கு தன் கதை ஒன்னு இருந்துச்சு, வீட்டு அடுப்புல ஆரம்பிச்சது, முதல் மூட்டை கருகிப் போனது, அதெல்லாம். உண்மையான கதைதான், நல்லாவும் இருந்துச்சு, எழுதியும் பாத்தேன். ஆனா 7 வரிக்கு மேல அந்த பேனல்ல இடம் இல்ல, அவங்க கதைய வச்சா எண்ணெய்க்கு விளக்கம் வெளிய போகும். அக்காகிட்ட நேராவே சொன்னேன், "அக்கா, உங்க கதைய படிச்சு யாரும் கோபப்பட மாட்டாங்க, ஆனா எண்ணெய்ய பத்தி சொல்லலன்னா திரும்ப போட்டோ வரும்." கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு சரின்னுட்டாங்க.

அச்சுக்கு போனது:

"கொண்டைக்கடலையை ஊற வைத்து, வேக வைத்து, ஒரு முறை வறுத்ததும் நாங்கள் பையில் போடுவதில்லை. ஓர் இரவு அப்படியே விடுகிறோம். கடலையின் நடுவில் தங்கிய ஈரம் அந்த நேரத்தில் மெல்லப் பரவும். மறுநாள் மீண்டும் வறுக்கும்போது அது வெளியேறிவிடும். அதனால் ஓடு மட்டுமல்ல, உள்ளேயும் மொறுமொறுப்பு. எண்ணெயில் பொரிப்பதில்லை, மசாலா ஒட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் சூரியகாந்தி எண்ணெய் தெளிக்கிறோம்."

"கொஞ்சம்"ங்கற இடத்துல நான் முதல்ல "ஒரு துளி"ன்னு எழுதியிருந்தேன். அழகா இருக்கு, ஆனா டிரம்முக்குள்ள போறது துளி இல்ல, நூறு கிலோவுக்கு மூணு கிலோ. சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதுல இருந்து குறைஞ்சது வரைக்கும் வரிசையா போகும், அதுல எண்ணெய் கடலைக்கு அடுத்து ரெண்டாவதா நிக்குது, மசாலாவ விட முன்னாடி. "ஒரு துளி"ன்னு படிச்சுட்டு பட்டியல்ல ரெண்டாவது இடத்துல எண்ணெய்ய பாத்தா பழைய சண்டைதான் திரும்ப வரும். "கொஞ்சம்" சாதாரண வார்த்தைதான், ஆனா உண்மையோட நிக்குது.

அப்பறம் அச்சு. பழைய பவுச்ல பின்பக்க எழுத்து கரும்பச்சை மேல வெள்ளையா, ரொம்ப பொடிசா இருந்துச்சு. பிலிம்ல இப்படி வெள்ளை எழுத்துன்னா அங்க நிற மை இல்லாம விடற இடம்தான் எழுத்து. கரும்பச்சை ரெண்டு மூணு மை சேந்து வர்ற நிறம், ஒரு மை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அந்த இடைவெளிய மூடிடும். முதல்ல மூடறது புள்ளி. லென்ஸ் வச்சு பழைய பவுச்ச பாத்தோம், பாதி மெய்யெழுத்துக்கு புள்ளியே இல்ல, ண ன ரெண்டும் சுழி தெரியாம ஒரே மாதிரி இருந்துச்சு. புதுசுல வெளிர் மஞ்சள் பேனல் மேல ஒரே கருப்பு மைல, 7.5 பாயிண்ட்ல வச்சோம். தேதியும் பேட்ச் நம்பரும் அடிக்கற காலி கட்டத்தையும் தனியா விட்டோம், போன தடவ அது கதைக்கு மேலயே அடிச்சிருந்துச்சு.

உபயோகக் குறிப்பு

எல்லாரும் கடைசியா எழுதறது, ஆனா இந்த கேஸ்ல எனக்கு ரொம்ப நேரம் எடுத்தது இதுதான். நமுத்துப் போச்சுங்கற புகார் வர்ற இடம் இது.

ஒரு ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு பவுச் குடுத்து, ஒன்னும் சொல்லாம, பிரிங்கன்னு மட்டும் சொன்னோம். ரெண்டு பேர் கத்தரிய எடுத்து ஜிப்புக்கு கீழ வெட்டிட்டாங்க, ஜிப்பு துண்டோட குப்பைக்கு போயிடுச்சு, அப்படி ஒன்னு இருந்ததே அவங்களுக்கு தெரியல. ஒருத்தர் வெட்டுக்குறில சரியா கிழிச்சார், ஆனா பிலிம் சாய்வா கிழிஞ்சு ஒரு ஓரத்துல ஜிப்ப தாண்டிப் போயிடுச்சு. மத்த மூணு பேரும் சரியா பிரிச்சாங்க, சாப்பிட்டாங்க, ஜிப்ப மூடினாங்க. இதுலதான் நான் எதிர்பாக்காதது ஒன்னு இருந்துச்சு. மூடின மூணுல ரெண்டு உண்மைல மூடல. கடலைய கொட்டறப்ப மசாலாப் பொடி ஜிப்போட பள்ளத்துல போய் உக்காந்துடுது, அதுக்கு மேல அமுக்கினா நிறைய இடத்துல பூட்டாம மேலாக்க ஒட்டி நிக்குது. பவுச்ச கவுத்து லேசா அமுக்கினா காத்து புஸ்ஸுன்னு வெளிய வருது. அப்படித்தான் கண்டுபிடிச்சோம், நல்லா மூடின பவுச் அமுக்கினா தலையணை மாதிரி எதுத்து நிக்கும்.

பழைய குறிப்பு "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்". இவங்க எல்லாரும் அப்படித்தான் வச்சாங்க. அதுல என்ன பிரயோஜனம்?

எத்தனை நாள் தாங்கும்னு பாக்க, பள்ளத்த துடைச்சு நல்லா மூடினது நாலு, சும்மா மடிச்சு வச்சது நாலு, தினம் ஒரு கை எடுத்து சாப்பிட்டு திரும்ப மூடறது. மழை நாள்ல பண்ணினோம், வேணும்னே, ஏன்னா ஈரக்காத்துல தாங்கினா மத்த நாள்லயும் தாங்கும். எது எதுன்னு சொல்லாம கிண்ணத்துல போட்டு கடிச்சுப் பாக்கச் சொன்னோம். மடிச்சு வச்சது ரெண்டாம் நாளே நமுத்தது, நல்லா மூடினது ஒன்பதாம் நாள்லதான் "லேசா ஒரு மாதிரி"ன்னு பேர் வாங்குச்சு. பாக்கெட்ல ஒன்பதுன்னு போடல, ஒவ்வொருத்தர் வீட்டுலயும் திறந்து மூடற கணக்கு வேற, அதுல ரெண்டு நாள் குறைச்சு ஏழுன்னு போட்டோம்.

நமுத்தத திருப்பி எடுக்க முடியுமான்னும் பாத்தோம், முடியும். வெறும் சட்டில சின்னத் தீயில 2 நிமிஷம் புரட்டணும். 4 நிமிஷம் விட்டதுல மசாலா கருகி கசந்துடுச்சு. அடுப்புல இருந்து எடுத்ததும் கடிச்சா மெத்துன்னுதான் இருக்கும், ஆறினாத்தான் மொறுமொறுப்பு வரும், இத சொல்லலன்னா சூட்டோட கடிச்சுப் பாத்துட்டு இன்னும் கொஞ்சம் வறுப்போம்னு கருக்கிடுவாங்க. "ஆறியதும்"ங்கற ஒரு வார்த்தை அதுக்காகத்தான்.

முழுக் குறிப்பு:

"ஜிப்புக்கு மேலே, புள்ளிக்கோட்டில் வெட்டவும்.
மூடும் முன் ஜிப் பள்ளத்தில் உள்ள மசாலாவைத் துடைக்கவும். காற்றை அமுக்கி வெளியேற்றி மூடவும்.
திறந்தபின் 7 நாட்களுக்குள் சாப்பிடவும்.
நமுத்தால்: வெறும் சட்டியில், சிறு தீயில் 2 நிமிடம் புரட்டவும். ஆறியதும் மொறுமொறுப்பாகும்.
5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலையாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கலாம்."

முதல் வரிய பின்பக்க பேனல்ல வைக்கவே இல்ல. வெட்டற கை மேல இருக்கு, அந்த கைய பாக்கற கண்ணும் மேலதான் இருக்கு, பின்பக்கம் கீழ இருக்கற குறிப்ப யாரும் வெட்டறதுக்கு முன்னாடி படிக்கறதில்ல. அதனால அது ஜிப்புக்கு மேலேயே, புள்ளிக்கோட்டு பக்கத்துல போச்சு. மசாலா துடைக்கற வரியும் ஜிப்புக்கு நேர் கீழ. மத்தது பின்பக்கம். குழந்தைகள் வரிய மட்டும் அக்கா தயங்கினாங்க, பயமுறுத்தற மாதிரி இருக்குமோன்னு. உருண்டையா, கெட்டியா இருக்கற பொருள் சின்னப் பிள்ளைங்க மூச்சுக்குழாய்ல போய் அடைக்கும், அது பயமுறுத்தல் இல்ல. அந்த வரிய எடுக்க நான் ஒத்துக்கல.

ஒரு இடத்துல வாசகம் தோத்துச்சு, அதையும் சொல்லணும். பிலிம் சாய்வா கிழியறத எழுத்தால சரி பண்ண முடியாது. நேரா கிழியற மாதிரி பிலிம்ல லேசர் கோடு போட்டு தருவாங்க, ஆனா அக்கா எடுக்கற அளவுக்கு அந்த செலவு கட்டுபடி ஆகல. அதான் "கிழிக்கவும்"னு எழுதாம "வெட்டவும்"னு எழுதி கத்தரி படம் வச்சோம். கத்தரி இல்லாத இடத்துல கையால கிழிப்பாங்க, சில பவுச் சாய்வா போகும், அது இப்பவும் நடக்குது.

புது பவுச் வந்தப்பறம் எண்ணெய் கேள்வி நின்னுடுச்சு. ஒருத்தர் மட்டும் "எண்ணெய் எதுக்குன்னு சொன்னது நல்லா இருக்கு"ன்னு எழுதியிருந்தார், அக்கா அத எனக்கு அனுப்பி வச்சாங்க. நமுத்த புகார் முழுசா நிக்கல, குறைஞ்சுது. ஆனா புதுசா ஒன்னு வந்துச்சு. பவுச்ல தேதி கட்டத்துல "4 மாதங்களுக்குள் பயன்படுத்துவது சிறந்தது"ன்னு இருக்கு, அதுக்கு ரெண்டு இஞ்ச் கீழ "திறந்தபின் 7 நாட்களுக்குள்". ஒரு பாட்டி கடைக்காரர்கிட்ட போய் "நாலு மாசமா, ஏழு நாளா, எது சரி?"ன்னு கேட்டிருக்காங்க. நாங்க பத்து பேர் படிச்சும் எங்க கண்ணுல படல, ரெண்டும் வேற வேற விஷயம்னு எங்களுக்கு முன்னாடியே தெரியுங்கறதால. அடுத்த அச்சு சிலிண்டர் போடறப்ப தேதி வரிக்கு முன்னாடி "திறக்காத பவுச்:"னு சேத்தோம், ஏழு நாள் வரிய அங்கிருந்து எடுத்து அதுக்கு நேர் கீழயே வச்சோம்.